முப்பத்தைந்தே முக்கால் மணி நேரமும் மூன்று தகராறும்

மார்த்தாண்டத்தில் இருக்கும் என் மாமாவிடம் ஒரு ஜேசிபி உண்டு. ஓட்டுநர் நோட்டில் எழுதுவதை எக்செல்லில் ஏற்றி பில் அடிப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் உண்டு.

சென்ற மாதம் குலசேகரம் பக்கம் ஒருவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய ரப்பர் மரங்களைப் பிடுங்கி நிலத்தைத் தட்டுத்தட்டாக வெட்டச் சொன்னார். மணிக்கு 1,200 ரூபாய். ஐந்து நாள் வேலை. நோட்டில் 7.45, 6.30, 8.15, 5.50, 7.25 என்று இருந்தது. நான் புள்ளியை எடுத்துவிட்டு 7:45, 6:30 என்று முறையாகத் தட்டி, அடியில் கூட்டல் போட்டேன். 11:45 என்று வந்தது.

ஐந்து நாளும் ஆறேழு மணி நேரம் உழைத்த இயந்திரம் மொத்தமாகப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஓடவில்லையாம். இது கூடவா எனக்கு உறைக்காது? உறைக்கவில்லை. ஏனென்றால் என் கண் அந்தக் கட்டத்தில் இல்லை, பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. அங்கே மொத்தத்தை 1200 ஆல் பெருக்கி, தொகை 1,787.50 என்று காட்டியது. மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தியதால் அனுப்பியும்விட்டேன். கண்டக்டர் ஐயாவிடமிருந்து ஒரே நிமிடத்தில் பதில்: "மிக்க மகிழ்ச்சி. இன்றே தந்துவிடுகிறேன்."

மாமா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுதவில்லை.

நடந்தது இதுதான். எக்செல்லுக்கு ஒரு முழு நாள் என்றால் 1. ஒரு மணி நேரம் அதில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. என் ஐந்து நாள் மொத்தம் அதன் வயிற்றுக்குள் 1.489583 என்று சரியாகவே கிடந்தது. ஆனால் சாதாரண நேர வடிவம் சுவர்க் கடிகாரம் மாதிரி. 24 ஆனதும் ஒரு நாளை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். அந்தக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினேன். அடைப்புக்குறிதான் விஷயம், 'நாளாக மாற்றாதே, மணியாகவே எண்ணு' என்று அர்த்தம். உடனே 35:45 வந்தது. காகிதத்தில் சரிபார்த்தேன்: நிமிடங்கள் மட்டும் 165, அதாவது 2 மணி 45 நிமிடம். மணிகள் 33. மொத்தம் 35 மணி 45 நிமிடம்.

தொகைக்கும் அதே வியாதி. 1,787.50 என்பது ஒன்றரை நாளை 1200 ஆல் பெருக்கிய கணக்கு. நாளை மணியாக்க, மொத்தம் இருக்கும் B7 கட்டத்தை முதலில் 24 ஆல் பெருக்க வேண்டும்:

```
=B7*24*1200
```

42,900 ரூபாய். இந்த முறை பில்லில் 'நேரம் 35.75 மணி' என்று அழகாகப் போட்டேன். அங்கேதான் இரண்டாவது தகராறு.

"முப்பத்தைந்து மணி எழுபத்தைந்து நிமிடம் என்றால் முப்பத்தாறே கால் மணி ஆயிற்றே, 43,500 வாங்கு" என்றார் மாமா. .75 என்பது ஒரு மணியில் முக்கால் பங்கு, 60 ஆல் பெருக்கினால் 45 நிமிடம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் ஐயா நேரில் வந்துவிட்டார், கையில் கால்குலேட்டருடன். நோட்டில் இருந்த ஐந்து எண்களையும் அப்படியே கூட்டியிருக்கிறார். விடை 34.65. "நானும் முப்பது வருடம் சில்லறை எண்ணியவன்தான். 41,580 தருகிறேன்."

அவர் மேல் தப்பில்லை. நூறு பைசாவுக்கு ஒரு ரூபாய் என்று பழகிய கை, நூறு நிமிடத்துக்கு ஒரு மணி என்று கூட்டிவிட்டது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி அந்தப் புள்ளிதான். நாம் ஏழே முக்கால் மணியை 7.45 என்று எழுதுவோம், கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சடிப்போம். கால்குலேட்டருக்கோ அது 7 மணி 27 நிமிடம்.

மூவரும் இயந்திரத்தின் மணி மீட்டரைப் பார்க்கப் போனோம். தொடங்கியபோது 4126.3, முடிந்தபோது 4162.1. வித்தியாசம் 35.8. "பாருங்கள், முப்பத்தைந்து மணி எட்டு நிமிடம்!" என்று ஓட்டுநர் தன் பங்குக்குக் குதித்தார். மீட்டரின் கடைசி இலக்கம் பத்தில் ஒரு மணி, ஒவ்வொன்றும் ஆறு நிமிடம். எட்டு ஆறு நாற்பத்தெட்டு. நோட்டுக் கணக்கோடு மூன்று நிமிடம்தான் இடிக்கிறது. ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை நகரும் மீட்டரிடம் அதற்கு மேல் துல்லியம் கேட்க முடியாது.

42,900 ரூபாயைக் கண்டக்டர் ஐயா எச்சில் தொட்டு எண்ணித் தந்தார். ஆனால் 1,787.50 பில்லை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறாராம். குலசேகரம் டீக்கடையில் ஜேசிபி வாடகை பற்றி யார் பேச்செடுத்தாலும் அது வெளியே வருகிறது.