டேட்டாபேஸுக்கு வெளியே இருக்க வேண்டிய 32 பைட்

பாஸ்வேர்ட் ஹாஷோடு பெப்பர் என்னும் ரகசியச் சாவியைச் சேர்ப்பது ஒரே ஒரு நிலைமைக்காகத்தான்: டேட்டாபேஸ் வெளியே போய்விட்டது, ஆப் சர்வர் இன்னும் நம் கையில் இருக்கிறது. எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனில் users டேபிள் மொத்தமாகப் போவது, பேக்கப் ஃபைல் பூட்டில்லாத ஸ்டோரேஜில் கிடப்பது, கழித்துக்கட்டிய சர்வரின் டிஸ்க் யார் கைக்கோ போவது எல்லாம் இந்த வகை. நடைமுறையில் இது அடிக்கடி நடப்பதால்தான் பெப்பருக்கு மதிப்பு.

ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் தனித்தனியாகச் சேர்க்கும் சால்ட் இங்கே போதாது. அது ஹாஷோடு அதே வரியில் கிடக்கிறது, திருடியவருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. ஒரே கணக்கீட்டில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் உடைக்க விடாமல் அது தடுக்கும். ஆனால் `Madurai@2019` மாதிரி ஒன்றை, ஒரு குறிப்பிட்ட ஆளைக் குறிவைத்து, ஜிபியூ போட்டு ஊகிப்பதைத் தடுக்காது. பெப்பர் எல்லோருக்கும் பொதுவான ஒரு ரகசியச் சாவி. அது தெரியாமல் சரியான பாஸ்வேர்டையே ஊகித்தாலும், அது சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

ஆகவே தாக்குபவர் பெப்பரையே ஊகிக்கப் பார்ப்பார். நம் தளத்தில் தன் பெயரில் முன்கூட்டியே ஒரு கணக்கு திறந்து வைத்திருந்தால், ஒரு வரியின் பாஸ்வேர்டும் ஹாஷும் அவருக்குத் தெரியும். தெரியாதது பெப்பர் மட்டுமே. கம்பெனி பெயரோடு வருடத்தைச் சேர்த்து வைத்த பெப்பர் இந்த இடத்தில் அதிக நேரம் தாங்காது. அமெரிக்காவின் NIST SP 800-63B வழிகாட்டி இந்த ரகசியத்துக்குக் குறைந்தது 112 பிட் பலம் கேட்கிறது. `openssl rand -base64 32` என்று ஒரு முறை ஓட்டினால் 256 பிட் கிடைக்கும், அதோடு அந்தக் கவலை முடிந்தது. மனிதர் யோசித்து வைக்கும் வேலை இது இல்லை.

சேர்க்கும் விதத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பெப்பரைப் பாஸ்வேர்டுக்கு முன்னால் ஒட்டி bcrypt-இடம் கொடுப்பது பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும், லாகினும் ஒழுங்காக நடக்கும். ஆனால் bcrypt முதல் 72 பைட்டை மட்டுமே பார்க்கும். 32 பைட் பெப்பரை ஹெக்ஸில் எழுதினால் 64 எழுத்து. பாஸ்வேர்டுக்கு மிஞ்சுவது 8 பைட். `Madurai@2019` என்று வைத்தவரின் கணக்கு, `Madurai@` என்று தொடங்கும் எதைக் கொடுத்தாலும் திறக்கும்.

தமிழில் பாஸ்வேர்ட் வைத்தவருக்கு நிலைமை இன்னும் மோசம். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆகும். `மழைக்காலம்` என்பதில் ம, ழ இரண்டுமே 6 பைட்டைத் தின்றுவிடும். மீதி 2 பைட்டில் ஐகாரக் குறியின் முன்பாதிதான் அடங்கும், அந்த முன்பாதி உகரக் குறிக்கும் அதேதான். அதனால் `மழுங்கல்` என்று அடித்தாலும் கதவு திறந்துவிடும். பெப்பரே 72 பைட்டைத் தாண்டிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டும் சரி என்றே வரும். சில லைப்ரரிகளின் புதிய பதிப்புகள் 72 பைட்டுக்கு மேல் போனால் பிழை காட்டி நிறுத்துகின்றன, ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது. நீளமான பாஸ்வேர்டின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி லாகின் செய்தால் மறுக்கப்பட வேண்டும் என்று ஒரு டெஸ்ட் எழுதி வைத்தால் இந்தப் பிழை ஒளிய முடியாது.

ஒட்டாமல், சாவியோடு ஹாஷ் எடுக்கும் HMAC வழியாகச் சேர்ப்பதுதான் முறை:

```python
mac = hmac.new(PEPPER, pw.encode("utf-8"), hashlib.sha256).digest()
stored = bcrypt.hashpw(base64.b64encode(mac), bcrypt.gensalt(12))
```

நடுவில் உள்ள base64-ஐ யாரும் தேவையில்லை என்று எடுத்துவிடக் கூடாது. HMAC தரும் 32 பைட்டில் பூஜ்ய பைட்டும் வரலாம். பூஜ்யத்தைக் கண்டதும் உள்ளீடு முடிந்தது என்று நின்றுவிடும் bcrypt லைப்ரரிகள் உண்டு. முதல் பைட்டே பூஜ்யமாக அமைவது சராசரியாக 256 பேரில் ஒருவருக்கு. அவருடைய ஹாஷ் காலிப் பாஸ்வேர்டின் ஹாஷாகிவிடும், HMAC பூஜ்யத்தில் தொடங்கும் வேறு எந்தப் பாஸ்வேர்டும் அவர் கணக்கைத் திறக்கும். base64 ஆக்கினால் 44 சாதாரண எழுத்துகள், 72-க்குள் வசதியாக அடங்கும்.

அடுத்தது இருப்பிடம். டேட்டாபேஸும் ஆப்பும் ஒரே மெஷினில் ஓடும் சின்னத் தளங்களில் `.env` ஃபைலில் பெப்பரை வைத்துவிட்டு, வெளியே வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மைஎஸ்கியூஎல் பயனருக்கு FILE உரிமை இருந்து, `secure_file_priv` காலியாகவும் இருந்தால், அதே இன்ஜெக்‌ஷன் ஓட்டையில் `LOAD_FILE()` போட்டு, மைஎஸ்கியூஎல் படிக்க முடிகிற எந்த ஃபைலையும் எடுத்துவிடலாம். மெஷினை முழு இமேஜாக பேக்கப் எடுத்தால் பூட்டும் சாவியும் ஒரே பையில் போகின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. நேற்றைய பேக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வேறெந்த அணுகலும் இல்லாத ஒரு புது மெஷினில் நிறுவிப் பாருங்கள். அங்கே உங்கள் பாஸ்வேர்டில் லாகின் நடந்தால், பெப்பரும் கூடவே வந்துவிட்டது என்று பொருள்.

ஆப் சர்வரிலேயே ஒருவர் நுழைந்து கட்டளை ஓட்டும் நிலை வந்தால் பெப்பர் அவருக்கும் தெரியும், அப்புறம் சால்ட்டும் bcrypt-இன் மெதுவான கணக்கும் மட்டுமே மிச்சம். சாவியை வெளியே விடாத கேஎம்எஸ் அல்லது ஹெச்எஸ்எம்மில் HMAC கணக்கைச் செய்ய வைத்தால், அவர் அங்கே ஒவ்வொரு ஊகத்தையும் ஒவ்வொரு கோரிக்கையாகக் கேட்டாக வேண்டும். அது லாகில் தெரியும், வேகத்தையும் கட்டுப்படுத்தலாம். லாகின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊகிப்பவர், ஃபிஷிங்கில் பாஸ்வேர்டை வாங்கிவிட்டவர் ஆகியோருக்கு எதிராக பெப்பர் எதுவும் செய்யாது.

பெப்பரை மாற்ற வேண்டி வரும் நாளை முதலிலேயே யோசிக்க வேண்டும். HMAC முறையில் பழைய ஹாஷிலிருந்து புதியதைக் கணக்கிட முடியாது, பயனர் பாஸ்வேர்டைத் தந்தால்தான் முடியும். அதனால் ஒவ்வொரு வரியிலும் எந்தப் பெப்பர் என்ற எண் இருக்க வேண்டும். பயனர் லாகின் செய்யும்போது பழையதில் சரிபார்த்துப் புதியதில் எழுத வேண்டும். பழைய பெப்பர் கசிந்ததால் மாற்றுகிறோம் என்றால், கெடுவுக்குள் வராதவர்களின் பாஸ்வேர்டைச் செல்லாததாக்கி ரீசெட் கேட்க வேண்டியதுதான்.

ஏற்கெனவே bcrypt ஹாஷ்கள் நிறைந்த டேபிளுக்கு, ஹாஷையே என்கிரிப்ட் செய்வது இதைவிட நல்ல வழி. டிராப்பாக்ஸ் 2016இல் தாங்கள் செய்வதாக விளக்கியது இந்த வகைதான், bcrypt-க்கு மேல் AES-256. யாரும் லாகின் செய்யக் காத்திருக்காமல் ஒரே ஸ்கிரிப்டில் எல்லா வரியையும் மாற்றலாம், சாவியைப் பின்னால் மாற்றுவதும் அதே போலத்தான். AES-GCM எடுத்துக்கொண்டால், பயனர் ஐடியைக் கூடுதல் தரவாகச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். டேட்டாபேஸில் எழுத முடிகிற ஒருவர் தன் வரியின் ஹாஷை அட்மின் வரியில் ஒட்டினால், அது திறக்காது. 60 எழுத்து ஹாஷ், 12 பைட் நான்ஸ், 16 பைட் டேக் எல்லாம் சேர்ந்து base64-இல் 120 எழுத்து ஆகும். டேபிளில் ஹாஷ் இருக்கும் நெடுவரிசை இன்னும் `VARCHAR(60)` ஆக இருந்து, மைஎஸ்கியூஎல்லின் ஸ்ட்ரிக்ட் மோடும் அணைந்திருந்தால், பாதி வெட்டுப்பட்டுச் சேமிக்கப்படும், அன்று மாறிய எல்லோரும் வெளியே நிற்பார்கள்.

பெப்பர் தொலைந்தால் மொத்த டேபிளும் பயனற்றது. அதற்கும் ஒரு நகல் வேண்டும், டேட்டாபேஸ் பேக்கப் போகாத இடத்தில், வேறு ஆட்களின் அனுமதியில். மாற்றம் முடிந்த கையோடு பழைய பேக்கப்புகளையும் பாருங்கள். அவற்றில் பெப்பர் இல்லாத ஹாஷ்கள் அப்படியே இருக்கும், அவற்றை அழிக்கும்வரை திருடுபவருக்குப் புது டேபிளைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.