ஆறு இலக்கத்தைக் கொடுத்துவிட்டு ஒன்பது நாள் கடையை மூடிய கதை

தீபாவளிக்குப் பதினாறு நாள் இருந்தபோது என் கடை என் கையைவிட்டுப் போனது. கடை என்றால் கட்டடம் ஒன்றும் இல்லை. மதுரையில் வீட்டு முன்னறையில் சுங்குடிச் சேலைகளை அடுக்கி வைத்து, வாட்ஸ்அப் பிசினஸ் கணக்கில் படம் போட்டு விற்கிறேன். இருநூற்றுச் சொச்சம் பேர் கொண்ட வாடிக்கையாளர் குழு ஒன்று இருக்கிறது. விற்பனையில் பாதிக்கு மேல் அதன் வழியாகத்தான் நடக்கிறது.

வியாழன் மதியம் பார்சல் கட்டிக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாக என்னிடம் வாங்குகிறவரின் எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்க எண் ஒன்று அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்களேன்." வாட்ஸ்அப்பின் சரிபார்ப்பு எண்ணோடு எஸ்எம்எஸ்ஸும் வந்திருந்தது. இந்த எண்ணை யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதிலேயே எழுதியிருந்தது. நான் எண்ணை மட்டும் படித்தேன், அனுப்பினேன், அடுத்த பார்சலுக்கு நூல் தேடப் போனேன். அந்த வாடிக்கையாளரின் கணக்கு முந்தைய நாளே பறிபோயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

மாலையில் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். "பாதி விலைக்குக் கொடுக்கிறீர்களே, பழைய சரக்கா அக்கா?" என்றார். குழுவில் என் பெயரில், என் படத்தோடு, தள்ளுபடி அறிவிப்பும் எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கியூஆர் படமும் போயிருந்தன. என் போனில் வாட்ஸ்அப் என்னை வெளியேற்றியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்ணைப் பிடித்தவனால் என் பழைய உரையாடல்களைப் படிக்க முடியாது; அவை என் போனில்தான் இருக்கின்றன. ஆனால் நான் இருக்கும் குழுக்களும், புதிதாக வரும் செய்திகளும் அவனுக்குப் போய்விடும். குழுவில் இன்னொருவரை நிர்வாகியாக்கி வைத்திருந்தால் என் பெயரில் வரும் செய்திகளை உடனே அழிக்கச் சொல்லியிருப்பேன். நான் ஒருத்திதான் நிர்வாகி. ஆகவே என் குழுவுக்கு அன்று திருடனே முதலாளி.

பதற்றத்தில் செயலியை அழித்து மீண்டும் நிறுவினேன். அடுத்துச் செய்ததுதான் மடத்தனம். சரிபார்ப்பு எண் கேட்டபோது, மதியம் வந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்த அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அடித்தேன். ஒருமுறை பயன்படுத்திய எண் செத்த எண். சில மணி நேரம் காத்திருக்கச் சொல்லித் திரை பூட்டிக்கொண்டது. நள்ளிரவில் மீண்டும் முயன்றதில் காத்திருப்பு இன்னும் நீண்டது.

வெள்ளி காலை, புது எஸ்எம்எஸ் எதுவும் வராததற்கு சிம்தான் காரணம் என்று நானே முடிவு கட்டி, தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குப் போனேன். முகப்பில் இருந்தவர் என் கதையைப் பாதி கேட்டுவிட்டு, "புது சிம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் மேடம்" என்றார். சிம் என் கணவர் பெயரில் இருந்தது. அவர் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவர் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு வந்தார். சாயங்காலம் புது சிம் கைக்கு வந்தது. கிளம்பும்போதுதான் அந்த முகப்புக்காரர் சாவகாசமாகச் சொன்னார்: "இருபத்து நான்கு மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது மேடம், விதி அப்படி."

சிம் மாற்றி மோசடி செய்வதைத் தடுக்கத்தான் அந்த விதி. நல்ல விதிதான். எண் உங்கள் சிம்மிலேயே இருக்கும்போது, சிக்னலும் வரும்போது, சிம்மை மாற்ற எந்தக் காரணமும் இல்லை. திருடன் எடுத்துக்கொண்டது வாட்ஸ்அப் பதிவை மட்டும்தான். இதை அந்தக் கடையில் ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

அங்கிருந்து காவல் நிலையம். "உங்கள் பணம் போகவில்லையே, என்ன புகார் எழுதுவது?" என்று எழுத்தர் கேட்டார். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கவும் cybercrime.gov.in தளத்தில் பதியவும் வழி இருப்பதை அங்கே யாரும் சொல்லவில்லை. என் அண்ணன் மகன் சொன்னான். அன்றிரவே ஆள்மாறாட்டப் புகாரைத் தளத்தில் பதிந்து, ஸ்கிரீன்ஷாட்டுகளை இணைத்து, ஒப்புகை எண்ணை எழுதி வைத்தேன். கியூஆரில் பணம் போட்ட மூன்று வாடிக்கையாளர்கள் தனித்தனியே புகார் செய்ய வேண்டியிருந்தது. பணம் அவர்கள் கணக்கிலிருந்து போயிருப்பதால் பரிவர்த்தனை எண் அவர்களிடம்தான் இருக்கும். பணம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் 1930-க்கு அழைத்தவருடைய தொகை மட்டும் முடக்கப்பட்டிருக்கிறது. மற்ற இருவரும் மறுநாள் அழைத்தார்கள். அவர்களுக்கு என் கையிலிருந்தே சேலை அனுப்பினேன்.

சனி காலை அண்ணன் மகன் வீட்டுக்கே வந்தான். காத்திருப்பு நேரம் முடிந்திருந்தது. "எஸ்எம்எஸ்தான் வராது அத்தை, கால் வருமே" என்றான். எஸ்எம்எஸ் கேட்டுச் சிறிது நேரம் பொறுத்தால், அழைப்பு வழியாக எண்ணைச் சொல்லும் வாய்ப்பு அதே திரையில் திறக்கிறது. போன் அடித்தது. ஒரு குரல் ஆறு இலக்கங்களைச் சொன்னது. அடித்தேன், ஏற்றுக்கொண்டது. உடனே இன்னொரு திரை: இரண்டடுக்குச் சரிபார்ப்பு பின் எண்ணை இடுக.

அப்படி ஒன்றை நான் வைத்ததே இல்லை. திருடன் வைத்திருந்தான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும் என்றது திரை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மகன்தான் விளக்கினான். இரண்டு ஆறு இலக்கங்களும் வேறு வேறு. அழைப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வருவது எண் உங்களுடையது என்று காட்டுகிறது; அதை நீங்கள் சரியாக இட்ட கணத்திலேயே திருடன் வெளியேறிவிடுகிறான். பின் எண் தெரியாததால் நீங்கள் உள்ளே போக முடியாது, அவ்வளவுதான். நம்பிக்கை வராமல் கணவர் போனிலிருந்து என் எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தேன். வெள்ளி வரை இரண்டு டிக் விழுந்த இடத்தில் இப்போது ஒரே டிக். வாசிக்க அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒற்றை டிக்கைப் பார்த்து மகிழ்ந்தது வாழ்க்கையில் அன்றுதான்.

அந்த ஏழு நாளும் என்னைக் காப்பாற்றியது ஆர்டர் நோட்டு. பார்சல் முகவரிக்காகப் பேனாவால் எழுதி வைத்த எண்களைப் பார்த்து ஒவ்வொருவரையும் அழைத்தேன். தொண்டை கட்டிவிட்டது. பாதிப் பேர், "நீங்கள்தானா என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. முன்பு வாங்கிய சேலையின் நிறத்தைச் சொன்ன பிறகே நம்பினார்கள்.

அடுத்த சனிக்கிழமை பின் எண் இல்லாமலே கணக்கு திறந்தது. முதல் ஆர்டரைப் பார்ப்பதற்கு முன் அமைப்புகளில் கணக்கு, அதற்குள் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று போய், என் சொந்தப் பின் எண்ணை வைத்தேன். பிறந்த தேதியோ வீட்டு அஞ்சல் குறியீடோ வேண்டாம். இரண்டையும் பிறர் எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அங்கே மின்னஞ்சல் முகவரி கேட்கிறது, தவிர்த்துவிட்டுப் போகவும் விடுகிறது. தவிர்க்காதீர்கள். பின் எண்ணை நீங்களே மறந்தால் அதை மாற்றியமைக்க அந்த மின்னஞ்சல்தான் வழி. இல்லையென்றால் மறுபடியும் காத்திருப்புதான். அந்த மின்னஞ்சலுக்கும் இரண்டடுக்குப் பூட்டுப் போட்டேன், அது திறந்து கிடந்தால் இதைப் பூட்டிப் பயனில்லை. இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் பார்த்தேன். காலியாக இருந்தது. அவ்வப்போது செயலி பின் எண்ணைக் கேட்கிறது. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும்.

குழுவில் இப்போது அண்ணன் மகனும் நிர்வாகி. சிம்மை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். கடையில் அதே முகப்புக்காரர்தான் இருந்தார். இந்த முறை படிவத்தை வாங்குவதற்கு முன், எஸ்எம்எஸ் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று நான்தான் முதலில் கேட்டேன்.