பணம் வாங்க ஸ்கேன் எதற்கு?

வங்கிக் கிளையில் வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கும் மேசை என்னுடையது. ஏடிஎம்மில் நோட்டு வராமலே கணக்கில் கழிந்துவிட்டது, நாமினி பெயரை மாற்ற வேண்டும், காசோலைப் புத்தகம் வந்து சேரவில்லை என்று பலரும் வருவார்கள். இவற்றுக்கெல்லாம் ஒரு படிவமும் ஒரு வழியும் உண்டு. “பணம் வரும் என்று ஸ்கேன் செய்தேன் சார், இருந்த பணமும் போய்விட்டது” என்று வருகிறவர்களிடம்தான் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கணினியைப் பொறுத்தவரை அங்கே கோளாறு எதுவும் நடக்கவில்லை. அவருடைய போன், அவருடைய சிம், அவரே போட்ட யுபிஐ பின். மளிகைக் கடையில் அவர் கொடுத்த 200 ரூபாய் எப்படிப் பதிவாகியிருக்கிறதோ, அப்படியேதான் இதுவும் பதிவாகியிருக்கும்.

ஒரு பள்ளி ஆசிரியை வந்திருந்தார். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஆன்லைனில் 1,249 ரூபாய்க்கு ஒரு சுடிதார் வாங்கினார். வேறு நிறம் வந்ததால் திருப்பி அனுப்பினார். ஒரு வாரமாகியும் பணம் திரும்பவில்லை. நிறுவனத்தின் செயலியில் புகார் செய்யும் இடத்தைத் தேடிக் களைத்துப்போய், வாடிக்கையாளர் சேவை எண் என்று இணையத்தில் தேடினார். முதலில் கண்ணில் பட்ட எண்ணுக்கு அழைத்தார். அந்த இடத்திலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் ஒரு பக்கத்தைத் தொடங்கி, எந்த நிறுவனத்தின் பெயருக்குக் கீழேயும் தன் எண்ணைப் போட்டு வைக்கலாம்.

எடுத்தவன் மரியாதையாகப் பேசினான். ஆர்டர் எண்ணைக் கேட்டான், கொஞ்சம் காத்திருக்கச் சொன்னான். “உங்க ரீஃபண்ட் சிஸ்டத்துல நிக்குது மேடம், நாங்க கையால போட்டு விடுறோம். வாட்ஸ்அப்ல ஒரு ரீஃபண்ட் கியூஆர் வரும், ஸ்கேன் பண்ணுங்க” என்றான். அதே போனில் வந்த படத்தை அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வது என்று இவர் கேட்டிருக்கிறார். ஸ்கேனரைத் திறந்தால் கேலரியிலிருந்து படத்தை எடுக்கும் வசதி இருக்கிறது என்று அதையும் அவனே சொல்லிக் கொடுத்தான்.

முதலில் வந்தது 5 ரூபாய்க்கான கியூஆர். “டெஸ்ட் மேடம், நம்பிக்கைக்காக.” இவர் ஸ்கேன் செய்து பின் போட்டார். 5 ரூபாய் போனது. உடனே 10 ரூபாய் வந்தது. “பார்த்தீங்களா, 5 போட்டா 10 வருது. இப்படித்தான் ரீஃபண்ட் வரும்.” உண்மையில் அந்த 10 ரூபாயை அவன் கையால் அனுப்பியிருக்கிறான். அதற்கும் இவர் செய்த ஸ்கேனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால், ‘ஸ்கேன் செய்தேன், பணம் வந்தது’ என்பதைத் தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று. இந்த ஏமாற்றில் அவன் போடும் முதலீடு அந்த 10 ரூபாய்தான்.

அடுத்து 1,249 ரூபாய்க்கு ஒரு கியூஆர். கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது. இவர் பதற, அவன் பதறவில்லை. “முதல்ல டெபிட் மெசேஜ் வரும், அப்புறம்தான் கிரெடிட் ஆகும். என்ட்ரி தப்பா விழுந்துடுச்சு, ரெண்டையும் சேர்த்து 2,498 போட்டா மொத்தமும் ஒண்ணா வந்துரும்” என்றான். அதுவும் போனது. பிறகு 4,996. போனதை மீட்கும் அவசரத்தில் மனிதர்கள் கணக்குப் பார்ப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் தொகையை இரட்டிப்பாக்குவது அதற்காகத்தான். ஐந்தாவது கியூஆர் வந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் வந்து போனைப் பிடுங்கியிருக்கிறான்.

அவருடைய கணக்கு விவரத்தை அச்சிட்டு மேசையில் வைத்தேன். ஐந்து வரிகள். 5, 1,249, 2,498, 4,996 ஆகிய நான்குக்கும் பக்கத்தில் DR. அந்த 10 ரூபாய்க்கு மட்டும் CR. போனது 8,748, வந்தது 10, இழப்பு 8,738 ரூபாய். போன நான்கும் ஒரே தனிநபரின் பெயருக்குப் போயிருந்தன. துணி நிறுவனத்தின் பெயர் எங்குமே இல்லை.

“நான் இங்கிலீஷ் வாத்தியார் சார், ஸ்கிரீன்ல Pay-னு இருந்ததைப் படிக்கத் தெரியாதவளா?” என்று அவர் கேட்டார். படிக்கத் தெரிந்தவர்தான். டீக்கடை, பஸ், காய்கறிக் கடை என்று தினம் அதே திரையைப் பார்த்துப் பார்த்து, படிக்காமலே அழுத்த விரல் பழகிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான்.

அந்தப் படத்துக்குள் என்னதான் இருக்கிறது என்று அவருக்குக் காட்டினேன். சாதாரணக் கியூஆர் படிப்பான் ஒன்றில் போட்டால், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஒற்றை வரியாக விரியும். அவர் பெற்றது ஏறக்குறைய இப்படி இருந்தது:

```
upi://pay?pa=xxxxx@xxxx&pn=Refund%20Dept&am=1249.00&cu=INR&tn=Refund
```

இதில் pa என்பது பணம் போய்ச் சேர வேண்டிய யுபிஐ முகவரி, am தொகை, cu ரூபாய் என்ற குறிப்பு. pn, tn இரண்டும் பெயரும் குறிப்பும். கியூஆர் தயாரிப்பவர் அங்கே எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ‘ரீஃபண்ட்’ என்று எழுதிவிட்டால் அது ரீஃபண்ட் ஆகிவிடாது. விலாசமும் தொகையும் ஏற்கெனவே நிரப்பப்பட்ட மணியார்டர் படிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பின் போடுவது அதில் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டுவது. அந்த வரியில் ஸ்கேன் செய்கிறவருடைய முகவரிக்கு இடமே இல்லை. ஸ்கேன் செய்து பின் போட்டால் தன் கணக்குக்குப் பணம் வரும் என்று இருக்க வேண்டுமானால், பணம் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்படும்? எதிரில் இருப்பவரின் பின் நம்மிடம் இல்லையே.

கடைகளை நினைத்துப் பார்த்தாலே புரிந்துவிடும். பணம் வாங்குகிற கடைக்காரர் எதையும் ஸ்கேன் செய்வதில்லை. அவர் அட்டையை மாட்டி வைக்கிறார், கொடுக்கிற நாம்தான் ஸ்கேன் செய்கிறோம். அப்படியானால் நமக்குப் பணம் வர வேண்டியபோது நம் கியூஆரை அவர்கள் ஸ்கேன் செய்ய வேண்டும். எல்லா யுபிஐ செயலிகளிலும் நம் பெயரில் ஒரு கியூஆர் இருக்கிறது. அதை அனுப்புவதில் பயமில்லை. நம் பெயரும் யுபிஐ முகவரியும்தான் அதில் தெரியும், அதை வைத்து நம் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. பழைய கட்டிலையோ ஃபிரிட்ஜையோ விற்கப் போட்டு, “ராணுவத்தில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன்” என்று யாராவது கியூஆர் அனுப்பினால், பதிலுக்கு உங்கள் கியூஆரை அனுப்பிப் பாருங்கள். ‘எங்கள் கேம்ப்பில் அது முடியாது’, ‘கம்பெனிக் கணக்கு’ என்று ஏதாவது காரணம் வரும். உண்மையான ஆளாக இருந்தால் பணம் வந்திருக்கும்.

பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனத்துக்கு நம் ஸ்கேன் தேவையே இல்லை. பணம் எந்த வழியாகப் போனதோ அதே வழியில் அவர்களே திருப்பி அனுப்புவார்கள். சில நாள் ஆகலாம், ஆனால் நம் பக்கத்தில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

‘பணம் அனுப்ப மட்டுமே பின் தேவை’ என்று நாங்களே சுவரொட்டி ஒட்டியிருக்கிறோம். ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டி, “பேலன்ஸ் பார்க்கவும் பின் கேட்குதே சார்?” என்றார். நியாயமான கேள்வி. அவனும் இந்த ஓட்டையில்தான் நுழைந்தான். “பின் போட்டா கட் ஆகாது மேடம், பேலன்ஸ் பார்க்கப் போடுறீங்கல்ல, அதே மாதிரி இது வெரிஃபிகேஷன்” என்று சொல்லியிருக்கிறான். அதனால் சுவரொட்டி வாசகத்தை நான் இப்போது கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். பின் போடும் பக்கத்தில், எண்களுக்கு மேலே பாருங்கள். அங்கே ஒரு பெயரும் ஒரு ரூபாய்த் தொகையும் இருந்தால், உங்கள் கணக்கிலிருந்து அந்தத் தொகை அந்தப் பெயருக்குப் போகப் போகிறது. பேலன்ஸ் பார்க்கும்போது அங்கே தொகை இருக்காது.

அந்தப் பெயரையும் இப்போது ஓரளவு நம்பலாம். கியூஆரில் எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ செயலிகளுக்குச் சொல்லி, 2025 ஜூன் 30 வரை கெடு வைத்தது. எனவே ‘ரீஃபண்ட் டிபார்ட்மென்ட்’ என்று பேசுகிறவனின் கியூஆரைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒரு மனிதரின் பெயர் வர வேண்டும். பெரும்பாலும் அவரும் மோசடிக்காரர் அல்ல, கமிஷனுக்குத் தன் கணக்கைக் கொடுத்தவர். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல், தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டு யுபிஐ கோரிக்கை அனுப்பும் வசதியும் நிறுத்தப்பட்டது. அந்த வழியில் ஏமாற்றியவர்களுக்கு ஒரு கதவு மூடியது. கியூஆர் இல்லாமல் கடைகள் நடக்காது என்பதால் அதை மூட முடியாது.

சரி, போன பணம் திரும்புமா? எங்களால் அதை அப்படியே திருப்பி இழுக்க முடியாது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் வரும் இழப்பில், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது அவருடையது, தெரிவித்த பிறகு போவது வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை சொன்னது. அதனால்தான் முதலில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள், கையோடு வங்கிக்கும் சொல்லுங்கள் என்கிறோம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேட்பார்கள், அதைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பணம் முதல் கணக்கில் அதிக நேரம் தங்காது. நிமிடங்களில் இன்னொரு கணக்குக்குத் தாவும், அங்கிருந்து ஏடிஎம் வழியாக வெளியே போய்விடும். அதற்குள் புகார் எண் அந்த வங்கியை எட்டினால், மீதமிருக்கும் தொகையை எடுக்க முடியாமல் நிறுத்தி வைப்பார்கள்.

ஆசிரியை முதலில் ஏமாற்றியவனின் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். 1930-க்கு அழைத்தது மாலையில்தான். முதல் மூன்று தொகைகளும் அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டன. கடைசியாகப் போன 4,996 மட்டும் வேறொரு மாநிலத்துக் கணக்கில் மாட்டிக்கொண்டு நின்றது. நிறுத்தி வைத்த பணம் தானாகத் திரும்பி வராது. அப்போது காவல்துறை வழியாக நீதிமன்ற உத்தரவு வர வேண்டியிருந்தது, அதற்கு மாதக்கணக்கில் ஆனது. அவர் மனு போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அந்தக் காத்திருப்பில் அவருக்கு இன்னொரு அழைப்பு வந்தது. சைபர் பிரிவிலிருந்து பேசுவதாகவும், முடக்கிய பணத்தை விடுவிக்க 499 ரூபாய் கட்டணம் என்றும் சொன்னார்களாம். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது என்று நாங்கள் சந்தேகிப்பது இதனால்தான். வாட்ஸ்அப்பில் வந்த கியூஆரை ஸ்கேன் செய்யாமல் எனக்கு அனுப்பினார். அதிலிருந்த முகவரியையும் அழைத்த எண்ணையும் அவருடைய பழைய புகாரோடு சேர்க்கச் சொல்லிக் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்.