96.8 சதவீத ரிப்போர்ட்ல வராம போன ஆறு டிக்கெட்

வேலூர்ல ஒரு சப்போர்ட் டீம்ல இருக்கேன். ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்கு சிஸ்டம், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாம் நாங்கதான் பாக்குறோம். எந்த வேலைய எத்தினி நேரத்துல முடிப்போம்னு அவங்களுக்கு ஒத்துக்கிட்டு இருக்கோமே, அந்த எஸ்எல்ஏபடி எவ்வளவு முடிச்சோம்னு ஒரு ரிப்போர்ட், அத மாசா மாசம் அஞ்சாம் தேதி எடுத்துக்கிட்டு முத்துக்கடையில எறங்கி அவங்க ஆபீஸுக்கு போவேன். ஜூன் அஞ்சாம் தேதி போனது மே மாச ரிப்போர்ட்டோட, அவங்க பதிஞ்ச புகாரத்தான் டிக்கெட்னு சொல்வோம், அப்படி 500 டிக்கெட்ல 484 சொன்ன நேரத்துக்குள்ள முடிஞ்சிருக்கு, 96.8 சதவீதம், சந்தோஷமாத்தான் போனேன்.

அவங்க ஐடி பாக்குற சார் ஆம்பூர்காரர், வயசுல பெரியவர், மொத்தத்த பாக்கவே இல்ல. பிரையாரிட்டி வாரியா இருக்குற வரிசைக்கு நேரா போயிட்டாரு. பி1ன்னா வேலையே நின்னுடுச்சின்னு அர்த்தம், 4 மணி நேரத்துல முடிக்கணும், அது 10 வந்ததுல 6தான் நேரத்துக்கு முடிஞ்சிருக்கு. பி2 8 வேலை மணி நேரம், 40க்கு 34, அதாவது 85 சதவீதம். மீதி 450ம் பி3, பி4, பாஸ்வேர்டு மாத்துறது, மவுஸ் கேக்குறது மாதிரி, அதுல 444 முடிஞ்சிருக்கு. மொத்தத்த 96.8க்கு தூக்கி நிறுத்துனது அந்த மவுஸும் பாஸ்வேர்டும்தான். பி1 நாலு தவறினது மொத்தத்துல ஒரு சதவீதம்கூட கொறைக்கல, ஆனா அந்த நாலு தடவையும் லைன் நின்னுருக்கு. அதனாலதான் சதவீதத்துக்கு பக்கத்துலயே எண்ணிக்கையும் போடணும்னு சொல்றேன், பத்தே டிக்கெட் இருக்குற எடத்துல ஒண்ணு தவறினாலே 90 ஆயிடும்.

அப்புறம் அவர் கேட்டதுதான் என்னை ஆட்டிடுச்சி. "தம்பி, பேக்கிங்ல அந்த லேபிள் பிரிண்டர் இதுல எங்கப்பா இருக்கு?"

தேடுறேன், இல்ல. அது பி2, மே 12ஆம் தேதி காலைல 10 மணிக்கு போட்டது, அன்னிக்கு சாயந்திரமே முடிஞ்சிருக்கணும். ஹெட் மாத்தணும், பார்ட் வரலன்னு ஜூன் 5 வரைக்கும் ஓப்பனாவே கெடக்கு. பேக்கிங்ல இருக்குற அக்காங்க அத்தினி நாளா பெட்டி மேல சைஸும் கலரும் கையாலயே எழுதிக்கிட்டு இருக்காங்க. ரிப்போர்ட்ல அது ஏன் வரலன்னா, எங்க ரிப்போர்ட் அந்த மாசம் முடிச்ச டிக்கெட்ட மட்டும்தான் எண்ணுது. முடிக்கலன்னா தப்பாவே காட்டாது. இதுல இன்னொரு கஷ்டம் என்னன்னா, தவறிப்போன டிக்கெட்ட முடிச்சா சதவீதம் எறங்கும், முடிக்காம வச்சிருந்தா எறங்காது, அதனால மாசக் கடைசியில பழைய டிக்கெட்ட யாரும் தொடவே மாட்டாங்க, நானே தள்ளி வச்சிருக்கேன், அதை நெனைச்சா இப்பவும் மனசு ஒரு மாதிரி ஆயிடுது.

அன்னிக்கி ராத்திரியே உக்காந்து கணக்க மாத்தினேன். எப்ப முடிஞ்சதுன்னு பாக்காம, எந்த டிக்கெட்டோட கெடு அந்த மாசத்துல விழுதோ அதெல்லாம் கீழ் எண், அதுல கெடுவுக்குள்ள முடிஞ்சது மட்டும் மேல் எண். ஓப்பனா இருந்தாலும் கெடு தாண்டிடுச்சின்னா அது தவறினதுதான். எக்செல்ல E நெடுவரிசைல கெடு, F நெடுவரிசைல முடிஞ்ச நேரம்னு வச்சி இப்படி போட்டேன்:

```
=IF(AND(F2<>"",F2<=E2),1,0)
```

அந்த `F2<>""` ரொம்ப முக்கியம். அது இல்லன்னா காலி செல்ல எக்செல் பூஜ்யமா எடுத்துக்கும், பூஜ்யம் எந்த தேதியவிடவும் சின்னது, முடியாத டிக்கெட் எல்லாம் நேரத்துக்கு முடிஞ்ச மாதிரி காட்டிடும். முதல் தடவ எனக்கு அப்படித்தான் வந்துச்சி.

பிரிண்டரோட சேத்து ஆறு பி2 டிக்கெட் மே மாசத்துலயே கெடு தாண்டி ஓப்பனா இருந்துச்சி. ஏற்கெனவே எண்ணின 40க்கும் கெடு மே மாசத்துலயேதான், அதனால 34ஐ 46ஆல வகுத்தா 73.9. எங்க மேனேஜர் இத பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் அனுப்பிடுன்னாரு.

ஒண்ணு மட்டும் இன்னும் சரியாகல. டிக்கெட்ட `Pending`ல போட்டா கடிகாரம் நின்னுடும், கெடு அடுத்த மாசத்துக்கு நகந்துடும். கஸ்டமர் பதில் சொல்லலன்னா அப்படி போடுறது நியாயம்தான், ஆனா பார்ட் வரலங்கறது எங்க பக்கத்து தாமதம், அதுக்கு கடிகாரத்த நிறுத்தக்கூடாது. அதனால மூணு நாளுக்கு மேல நிக்குற `Pending` எல்லாத்தையும் காரணத்தோட தனி ஷீட்டா வைக்கிறேன்.

ஜூலை அஞ்சாம் தேதி போனப்ப சார் அந்த ஷீட்டத்தான் முதல்ல தொறந்தாரு. பேக்கிங் பக்கம் போய் பாத்தேன், லேபிள் மெஷின்ல வந்துக்கிட்டு இருந்துச்சி, ஒரு ஓரமா அந்த ஸ்கெட்ச் பேனாங்க இன்னும் டப்பாவுலயே இருந்துச்சி.