ஒரு நாளைத் தின்ற லாக் வரி

“நீங்கதானேக்கா சொன்னீங்க, லைப்ரரியில இருக்கறதை உக்காந்து கையால எழுதாதேன்னு?”

டீமில் எனக்கு ஜூனியரான பையன் கேட்டது இவ்வளவுதான். குரலில் கோபம்கூட இல்லை. அவனுடைய ஒற்றை வரியை எடுத்துவிட்டு, வகுத்து மீதி கண்டுபிடிக்கிற கணக்கை நீயே எழுது என்று ரிவ்யூவில் நான் சொன்னதற்கு வந்த பதில் அது. சொன்னது நான்தான். சேர்ந்த புதிதில் அவனுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன். அப்புறம் எதற்கு அன்றைக்கு மாற்றிச் சொன்னேன் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் போதுமா என்பதுதான் இன்னும் தெளியவில்லை.

மாதக் கடைசி ஜாப் முடிந்ததும் எவ்வளவு நேரம் ஓடியது என்று லாக்கில் ஒரு வரி விழ வேண்டும். ப்ரோகிராம் தருவது மொத்த விநாடிகள். அவன் எழுதியிருந்தது இது:

```python
time.strftime("%H:%M:%S", time.gmtime(seconds))
```

பார்க்க அழகான வரி. சோதித்தபோதெல்லாம் சரியாகவே வந்தது, ஏனென்றால் சோதனை டேட்டாவில் ஜாப் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நிஜ டேட்டாவில் அந்த முறை 100000 விநாடி ஓடியது. லாக் காட்டியது 03:46:40. நாலு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது என்று மேலிடத்துக்கு மெயிலும் போய்விட்டது. ஷிஃப்டில் இருந்த ஆபரேஷன்ஸ்காரர்தான் போன் பண்ணினார். “என்னம்மா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு பத்துக்கு ஆரம்பிச்சது, சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் முடிஞ்சுது. நாலு மணி நேரம்னா எப்படி?”

அவர் சொன்னதுதான் சரி. வெள்ளி 18:10:00-க்கும் சனி 21:56:40-க்கும் நடுவே இருப்பது 1 நாள், 3 மணி, 46 நிமிடம், 40 விநாடி. ஒரு நாளைக்கு 86400 விநாடி. 86399 வரை அந்த வரி ஒழுங்காக வேலை செய்யும். அடுத்த விநாடியில் 00:00:00 என்று காட்டும். எர்ரர் எதுவும் வராது. தப்பான எண் என்று தெரிந்தால் யாராவது தேடுவார்கள், இது நம்பும்படியான எண். லாக்கிலேயே ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் இருந்தன. கழித்துப் பார்க்கத் தோன்றினால்தான் உண்டு.

அவன் உடனே திருத்தினான். முன்னால் `%d` சேர்த்து ‘நாள்’ என்று போட்டான். இப்போது 02 நாள் 03:46:40 என்று வந்தது. ஒரு நாளைக் காணோம் என்று தேடப் போய், ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. காரணம் எளிது. `gmtime` விநாடிகளை 1970 ஜனவரி 1-ஆம் தேதி நள்ளிரவிலிருந்து எண்ணி, ஒரு தேதியைத் திருப்பித் தருகிறது. பூஜ்ஜியம் விநாடி என்றால் ஜனவரி 1. 100000 விநாடி என்றால் ஜனவரி 2, அதிகாலை 3:46:40. மணி பூஜ்ஜியத்தில் தொடங்கும், தேதி ஒன்றில்தான் தொடங்கும்.

“அப்போ ஒண்ணு கழிச்சிடறேன்க்கா” என்றான். கழிக்கலாம். 31 நாள் நிறையும் வரை தாங்கும், நிறைந்ததும் பிப்ரவரி 1 ஆகி மறுபடி பூஜ்ஜியம். எங்கள் ஜாப் எதுவும் ஒரு மாதம் ஓடப்போவதில்லை என்று அவன் சொன்னதும் உண்மைதான். ஒரு நாளுக்கு மேல் ஓடாது என்றும் நாங்கள் நினைத்திருந்தோம் என்றேன்.

இந்த இடத்தில்தான் நான் பிடிவாதம் பிடித்தேன். தொடக்கத்தில் அவன் `localtime` போட்டிருந்தானாம், ஜாப் ஆரம்பித்தவுடனேயே 05:30:00 என்று காட்டியதாம், அதனால் `gmtime` ஆக்கினானாம். அதை அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாப் ஓடிய நேரம், அதைச் சென்னையில் படித்தாலும் லண்டனில் படித்தாலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஐந்தரை மணி நேரம் உள்ளே புகுந்தது என்றால், நாம் கேட்பது ‘இப்போ மணி என்ன’ என்ற கேள்வியை. அந்த 05:30-தான் முதல் எச்சரிக்கை. அதைத் துடைத்துவிட்டு மேலே போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால்தான் கையால் எழுது என்றேன்.

```python
m, s = divmod(total, 60)
h, m = divmod(m, 60)
d, h = divmod(h, 24)
```

100000-ஐ 60-ஆல் வகுத்தால் 1666 நிமிடம், மீதி 40 விநாடி. 1666-ஐ மறுபடி 60-ஆல் வகுத்தால் 27 மணி, மீதி 46 நிமிடம். 27-ஐ 24-ஆல் வகுத்தால் 1 நாள், மீதி 3 மணி. தேதி இல்லை, மாதம் இல்லை, ஊர் நேரம் இல்லை. நாட்கள் எத்தனை ஆனாலும் கணக்கு உடையாது.

அப்போதுதான் லைப்ரரி பற்றிய அந்தக் கேள்வி வந்தது. நான் பதில் சொல்லவில்லை, “எழுது, சொல்றேன்” என்றேன். மறுநாள் அவனே வந்து `str(timedelta(seconds=100000))` என்று அடித்துக் காட்டினான். `1 day, 3:46:40`. லைப்ரரியிலேயே இருக்கிறது, சரியாகவும் இருக்கிறது. எனக்கும் அது தெரியும். வேண்டாம் என்றதற்குக் காரணம் வைத்திருந்தேன்: ஒரு நாளுக்குக் குறைந்தால் `day` என்ற சொல் இருக்காது, இரண்டு நாள் ஆனால் `days` ஆகிவிடும், விநாடியில் பின்னம் இருந்தால் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரும், லாக்கைப் படிக்கிற ஸ்கிரிப்ட் திணறும். அதில் `.seconds` என்று எடுத்தால் நாளை விட்டுவிட்டு 13600 மட்டும் வரும், முழுசும் வேண்டுமென்றால் `total_seconds()` கேட்க வேண்டும். எல்லாம் சரியான காரணங்கள். முந்தின நாளே இதைச் சொல்லியிருந்தால் ரெண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? அவனே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை.

கையால் எழுதினால் தப்பு கண்ணுக்குத் தெரியும் என்பதும் என் வாதம். ஆனால் அவன் எழுதிய வடிவம் அடுத்த வாரமே ஒரு சின்ன ஜாப்புக்கு ‘1 நிமிடம் 60 விநாடி’ என்று காட்டியது. 119.7 விநாடி. வகுத்தால் 1 நிமிடம், மீதி 59.7. அச்சிடும்போது முழு எண்ணாக்கினால் 59.7 அறுபதாகிவிடுகிறது, நிமிடத்துக்கு அது தெரியாது. முதலில் மொத்தத்தை 120 ஆக்கிவிட்டு அப்புறம் வகுக்க வேண்டும், `total = round(elapsed)` என்று ஒரு வரி மேலே. அதைத் தேடிக் கண்டுபிடித்தவனும் அவன்தான். என்னிடம் கேட்காமலே திருத்திவிட்டு, ரிவ்யூவுக்கு அனுப்பும்போது ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது லாக்கில் இரண்டும் விழுகின்றன, நாள் மணி கணக்கும் பக்கத்திலேயே மொத்த விநாடியும். ஆபரேஷன்ஸ்காரர் விநாடியை மட்டும்தான் பார்க்கிறாராம், போன மாதத்தோடு ஒப்பிட அதுதான் வசதி என்கிறார். அவன் இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறான். நாளையே எடுத்துவிட்டு 27:46:40 என்று மணியை 24-க்கு மேலும் ஓடவிட்டால் என்ன, ஒரு `divmod` மிச்சம், ஒப்பிடவும் சுலபம் என்று. படிக்கிறவர்கள் இருபத்தேழு மணி என்றால் குழம்புவார்கள் என்று சொல்லி நிறுத்திவைத்திருக்கிறேன். யார் குழம்புவார்கள் என்று அவன் கேட்கவில்லை.