செங்கல் சிவப்பிலிருந்து சந்தனத்துக்கு

ஜூன் 3, செவ்வாய்

தாராபுரம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. முன்சுவர் முழுக்கச் செங்கல் சிவப்பு, ஜன்னலைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பட்டை. காம்பவுண்ட் சுவரில் இரண்டு தூண்கள் நிற்கின்றன, நடுவில் கேட் இல்லை. சந்தன நிறம் அடித்து கேட் போட்டால் எப்படி இருக்கும் என்று செலவுக்கு முன்னால் படத்தில் பார்க்க வேண்டுமாம்.

கிழக்குப் பார்த்த வீடு என்பதால் காலை எட்டு மணி வெயிலில் படம் எடுத்தேன். டேப் பிடித்ததில் தூண் உயரம் 6 அடி, தூண்களுக்கு நடுவே 10 அடி. "எதுக்குங்க தம்பி இத்தனை அளவு, படந்தானே?" என்றார் சார். கேட் போடும்போது தெரியும் என்றேன்.

ஜூன் 4, புதன்

சாரின் மருமகன் ஏற்கெனவே ஒரு படம் செய்து அனுப்பியிருக்கிறார். அதில் சுவர் தவிட்டு நிறத்தில் இருக்கிறது. சந்தனமே வேண்டாம் என்று அந்த வீட்டு அம்மா முகம் சுளித்தது அதைப் பார்த்துத்தான். பாவம், நிறத்தின் மேல் குற்றமில்லை. அவர் HSL Color முறையில் வண்ணத்தைப் போட்டிருக்கிறார். அந்த முறை நிறத்தை மாற்றும், பழைய சுவரின் வெளிச்ச அளவை அப்படியே விட்டுவிடும். சிவப்பு இருண்ட நிறம், சந்தனம் வெளிர் நிறம். இருட்டு மாறாமல் மேலே சந்தனம் பூசினால் தவிடுதான் கிடைக்கும்.

நான் GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் முதலில் சுவரை வெள்ளையடித்தேன். சுவரை மட்டும் தனி அடுக்காக வெட்டி, Desaturate கொடுத்து நிறத்தை எடுத்தேன். வெயில் படும் இடத்தில் சுவரின் வெளிச்ச அளவு 255-க்கு 110 தான் வந்தது. பக்கத்து ஜன்னல் பட்டை 235. Levels-இல் வெள்ளை முனையை 120-க்கு இழுத்ததும் சுவரும் பட்டையளவுக்கு வெளுத்தது. அதன் மேல் சந்தன அடுக்கை வைத்து, அடியிலுள்ள வெளிச்சத்தை மேல்நிறத்தோடு பெருக்கும் Multiply முறை கொடுத்தேன். வெயிலில் நல்ல சந்தனம், போர்டிகோ நிழலில் அடங்கிய சந்தனம், இரண்டும் தானாக வந்துவிட்டன. நிறம் சரியா என்று பார்க்கவும் அந்தப் பட்டையே போதும்: சந்தனம் அதைவிட ஒரு மாற்று குறைவாகத் தெரிய வேண்டும்.

அப்படியும் ஏதோ ஒட்டவில்லை. சன்ஷேடின் அடிப்பக்கத்தில் இளஞ்சிவப்பு இருந்தது. பழைய சுவரில் பட்ட வெயில் மேலே தெறித்துக் கொடுத்த சாயம் அது. சுவர் மாறினால் அதுவும் மாற வேண்டும். அங்கேயும் சிவப்பை எடுத்து லேசாகச் சந்தனம் தடவினேன். படம் பொய் என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த மாதிரி இடங்கள்தான்.

ஜூன் 6, வெள்ளி

கேட். இணையத்தில் கிடைக்கும் கேட் படத்தை வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, அதில் அளவு இருக்காது. அங்குலத்துக்கு 10 பிக்சல் என்று நேர்ப்பார்வையில் நானே வரைந்தேன்: 10 அடி அகலத்துக்கு 1200, 5 அடி உயரத்துக்கு 600. ஒரு அங்குலச் சதுரக் குழாய்கள், இடைவெளி நான்கு அங்குலம், இடையில் வெற்றிடம். பிறகு Perspective கருவியில் நான்கு மூலைகளையும் தூண்களின் உள்விளிம்பில் பொருத்தினேன். தூணில் ஆறில் ஐந்து பங்கு உயரத்தில் மேல் மூலைகள். கேட்டின் மேல்விளிம்பும் காம்பவுண்ட் சுவரின் மேல்விளிம்பும் நீட்டினால் ஒரே புள்ளியில் சேர்ந்தன. சேராவிட்டால் கேட் சாய்ந்து நிற்பது போலத் தெரியும்.

நிழலில்தான் நேரம் போனது. அந்நேரத்தில் 6 அடித் தூணின் நிழல் உள்தரையில் 12 அடி நீண்டிருந்தது, ஆகவே கேட் நிழல் 10 அடி. ஆனால் முழுவதும் ஒரே கூர்மையாக விழாது. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். ஆகவே கம்பிக்கும் தரைக்கும் உள்ள தூரம் மீட்டருக்கு மீட்டர் கூடக்கூட நிழல் விளிம்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் மங்கும். கேட்டின் மேல்முனையிலிருந்து அதன் நிழல் விழும் இடம் மூன்றரை மீட்டர் தள்ளி. அங்கே மங்கல் மூன்று சென்டிமீட்டர், குழாயோ இரண்டரைதான். எனவே அடியில் கம்பி கம்பியாகத் தெரிந்து, நுனியில் கரைந்துவிட வேண்டும். கூர்மையான நிழல் ஒன்று, Gaussian Blur கொடுத்து மங்கலாக்கியது ஒன்று, இடையில் படிப்படியாக மாறும் மாஸ்க். அப்புறம்தான் கேட் தரையில் நின்றது.

ஜூன் 7, சனி

சார் பார்த்துவிட்டு, "திறந்து வெச்சா எப்படிங்க தம்பி இருக்கும்?" என்றார். நல்ல கேள்வி. ஐந்தடி ஐந்தடியாக இரண்டு கதவு, உள்பக்கம் திறப்பதாக வரைந்தேன். வலது கதவு நேராகத் துளசி மாடத்தில் போய் நின்றது. மாடம் கேட் கோட்டிலிருந்து 4 அடி உள்ளே, வலது தூணிலிருந்து 2 அடி இடதுபுறம். கீலிலிருந்து கணக்குப் போட்டால் நாலரை அடி, கதவு ஐந்தடி. இடிக்காமல் இருக்காது.

மாடத்தை நகர்த்தும் பேச்சை அம்மா எடுக்கவே விடவில்லை. சரி, இடது 7 அடி, வலது 3 அடி என்று பிரித்தேன். அன்றாடம் ஆள் நடக்கச் சின்னக் கதவு, வண்டிக்குப் பெரியது.

ஜூன் 9, திங்கள்

வெல்டிங் பட்டறைக்காரர் படத்தைப் பார்த்து, ஏழடிக் கதவு தொங்கிவிடும், நுனியில் சக்கரம் வைக்க வேண்டும் என்றார். சக்கரத்தையும் வரைந்து அளவு எழுதிக் கொடுத்தாயிற்று. பெயின்ட் மட்டும் இன்னும் வாங்கவில்லை. அம்மா போனில் ஒரு சந்தனம், சார் போனில் இன்னொரு சந்தனம். படத்தைப் பார்த்து ஷேட் நம்பர் முடிவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வாசல் பக்கம் பழைய சிவப்பின் மேல் பிரைமர் அடித்து, இரண்டடிக்கு இரண்டடி அளவில் இரண்டு ஷேடும் இரண்டு கோட் பூசச் சொல்லியிருக்கிறேன். காலை வெயிலிலும் மாலையிலும் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.