லேப்பில் -25216, லேப்டாப்பில் 40320

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வகுப்பு மலையாளத்தில் நடக்கும், பிள்ளைகளில் பலர் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், அதனால் வகுப்பில் கேட்கத் தயங்கிய சந்தேகமெல்லாம் கடைசியில் என் மேஜைக்குத்தான் வந்து சேரும். வருஷா வருஷம் தவறாமல் வருவது இது: "சார், வீட்டுல சரியா வருது, இங்க தப்பா வருது."

வேலந்தாவளத்திலிருந்து வரும் ஒரு பையன் சி-யில் எழுதிய ஃபேக்டோரியல் புரோகிராமோடு வந்தான். 8 கொடுத்தால் அவன் லேப்டாப்பில் 40320, லேப் மெஷினில் -25216. மெஷின் பழசு, வைரஸ் இருக்கும் என்பது அவன் முடிவு. இந்த மாதிரி நேரத்தில் நான் கோடைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது, எதுவரைக்கும் இரண்டும் ஒத்துப்போகிறது என்றுதான். ஏழு வரைக்கும் சரியாக வருகிறது என்றான். அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. 7 ஃபேக்டோரியல் 5040, அடுத்தது 40320, நடுவில் 32767 என்ற எல்லை இருக்கிறது. வைரஸ் அவ்வளவு கணக்காக எட்டில் வந்து நிற்காது.

எங்கள் லேப்பில் இன்னும் டாஸ்பாக்ஸுக்குள் ஓடும் டர்போ சி-தான், அந்த நீலத் திரை. அதில் `int` என்றால் 2 பைட், -32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். 40320 அதற்குள் அடங்காது, 65536 கழிந்து -25216 ஆகத் தெரிகிறது. லேப்டாப்பில் கோட்பிளாக்ஸோடு வரும் ஜிசிசி-யில் `int` 4 பைட். மெஷின் மேல் குற்றமே இல்லை, கம்பைலர்தான் வேறு. சி மொழியின் விதியும் `int` குறைந்தது 32767 வரை கொள்ள வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது, ஆக இரண்டு கம்பைலரும் விதிப்படிதான் நடக்கின்றன. நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார் என்று இரண்டு பக்கமும் இதை ஓடவிடச் சொன்னேன்:

```c
printf("%d %d\n", (int)sizeof(int), (int)sizeof(long));
```

லேப்பில் `2 4`, அவனுடைய விண்டோஸ் லேப்டாப்பில் `4 4`.

சரி என்று, விடையை வைத்திருக்கும் `int f` என்பதை `long f` என்று மாற்றினான். மறுபடி -25216! முகம் தொங்கிவிட்டது, சார் சொன்னதும் தப்பு என்கிற பார்வை வேறு. `printf`-ஐப் பார்த்தால் `%d` அப்படியே இருந்தது. `f` இப்போது 40320-ஐ ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறது, ஆனால் `%d` என்றால் டர்போ சி அதில் முதல் 2 பைட்டை மட்டும் எடுத்துப் படிக்கும், அந்த 2 பைட்டின் மதிப்பு பழைய -25216-தான். லேப்டாப்பில் இரண்டுமே 4 பைட் என்பதால் அதே தப்பு வெளியே தெரியாமல் ஓடிவிடுகிறது. கணக்கில் தப்பா, அச்சிடுவதில் தப்பா என்று பிரித்துப் பார்க்காமல் பிள்ளைகள் டைப்பை மாற்றி மாற்றிச் சுற்றுவது இந்த இடத்தில்தான். `%ld` போட்டதும் லேப்பிலும் 40320 வந்தது.

அதோடு போயிருப்பான், நான்தான் லேப்டாப்பில் 13 கொடுத்துப் பார் என்றேன். 1932053504 வந்தது. "சரியா இருக்கே சார்" என்றான். கால்குலேட்டரில் போட்டால் 6227020800. லேப் மெஷின் மைனஸ் காட்டியதால் சந்தேகம் வந்தது, லேப்டாப் பிளஸ்ஸிலேயே பொய் சொன்னதால் யாருக்கும் உறைக்கவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பழைய நீலத் திரைதான் அவனுக்கு நல்லது செய்தது. இன்னொன்று, இந்த மாதிரி எல்லை தாண்டினால் இன்ன எண்தான் வரும் என்று விதியில் எந்த உத்தரவாதமும் கிடையாது, இன்றைக்கு வந்த தப்பு எண் ஆப்டிமைசேஷன் போட்டதும் வேறாகலாம்.

`long` போட்டாச்சே என்றால், விண்டோஸில் அது 4 பைட்தான், 12-க்கு மேல் போகாது. 64 பிட் லினக்ஸில் 8 பைட், அதனால் 20 வரை சரியாக வரும், 21-இல் அதுவும் கவிழும். பெரிய டைப்பாகத் தேடிக்கொண்டே போவதைவிட, பெருக்குவதற்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்ப்பது மேல்:

```c
if (f > LONG_MAX / i) {
    printf("too big\n");
    return 1;
}
f = f * i;
```

மேலே `#include <limits.h>` வேண்டும், டர்போ சி-யிலும் அது உண்டு. ஒவ்வொரு கம்பைலரும் தன் எல்லை எங்கே வருகிறதோ அங்கே நின்றுவிடும், தப்பு எண்ணை அச்சிடாது. `main` மட்டும் `int main` ஆக இருக்க வேண்டும், எங்கள் ஊர் ரெக்கார்டு நோட்டில் எல்லாரும் எழுதுகிற `void main` வைத்துக்கொண்டு `return 1` போடக்கூடாது.

அப்புறம் அவன் கேட்டது, ரெக்கார்டில் எந்த அவுட்புட்டை எழுதட்டும் சார் என்று. லேப்பில் வந்ததை எழுது, பக்கத்திலேயே டர்போ சி என்றும் எழுதிவிடு என்றேன்.